எல் நினோ: நினோ 1+2-ஆ, நினோ 3.4-ஆ?

பசிபிக் கடல் இயல்பைவிடச் சூடேறும் எல் நினோவின் பாதிப்பைக் கணிக்க எந்தக் கடல் வெப்பநிலையைப் பார்ப்பது? பெரு கரையோரத்து 1+2 பகுதியா, நடுப் பசிபிக்கின் 3.4 பகுதியா?

பெருவின் மீன்: சந்தேகமில்லை, 1+2. மேல்மட்ட வெப்பநீர் அடுக்கு தடித்துவிட்டால், கீழிருந்து எழும் நீரில் குளிர்ச்சியும் இருக்காது, சத்தும் இருக்காது. நெத்திலி ஆழத்துக்கும் தெற்குக்கும் நகர்ந்துவிடும். 2023-இல் வடக்கு, மத்தியக் கடலில் முதல் நெத்திலிப் பருவத்தையே பெரு ரத்து செய்தது.

தொலைதூர மழை: 3.4. அங்கே இயல்பைவிட 0.5 டிகிரிக்கு மேல் சூடு மாதக்கணக்கில் நீடித்தால், மழைமேகங்கள் கிழக்கே நகரும், இந்தோனேசியா வறளும். உறுதி கிடையாது, சரி: 1997-இல் எல் நினோ மிக வலுவாக இருந்தும் இந்தியப் பருவமழை இயல்பாகவே பெய்தது.

பெருவின் மழைக்கு மட்டும் 3.4-ஐ நம்ப வேண்டாம். 2017 தொடக்கத்தில் அது இயல்பாகத்தான் இருந்தது. 1+2 சூடேறி, பெரு வெள்ளத்தில் மூழ்கியது.