சுவருக்குள் போன 420,000 ரூபா: குளியலறை திருத்தப் போகிறவர்கள் வாசிக்கவும்

உள்ளே புதைத்த சுடுதண்ணீர் பைப் கசிந்ததால், இன்று காலைதான் குளியலறைச் சுவரை உடைத்து முடித்தோம். 420,000 ரூபா கொடுத்து முடித்த சுவர், ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோபம் அடங்கவில்லை, எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் பழைய வீடு திருத்தப் போகிறவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

கடையின் பெயரைப் போடவில்லை. பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்டு, கொமட்டும் பேசினும் லைட் வெளிச்சத்தில் அடுக்கி வைத்து, "பொருளும் எங்கட, பிட்டிங் வேலையும் எங்கட" என்று சொல்கிற வகைக் கடை. யாழ்ப்பாணத்தில் இப்போது அப்படிப் பல இருக்கின்றன. எல்லாரும் ஒரே மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை.

எங்கள் வீடு அப்பா காலத்து வீடு. கல்வனைஸ் பைப் வெளிச்சுவரோடு ஓடியது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு தெரியும்தானே, பைப்பின் உள்வாய் சுருங்கிப்போய், மூட்டுகள் துருப்பிடித்து, ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்த பிறகு சுடுதண்ணீர் தேவை, அதனால் கீசரும் வைக்க வேண்டும். பழைய பைப் ஓடிய பாதையிலேயே சி.பி.வி.சி பைப்பைக் கிளிப் போட்டு வெளியில் ஓட்டலாம் என்பதுதான் என் யோசனை. சாதாரண சாம்பல் நிற பி.வி.சி 60 பாகைக்கு மேல் தாங்காது. சி.பி.வி.சி 90 பாகைக்குக் கொஞ்சம் மேல் வரை தாங்கும். அதனால் கீசர் லைனுக்கு அதுதான் சரி.

கடைக்காரர் சிரித்தார். "அண்ணை, இந்தக் காலத்தில ஆர் பைப்பை வெளியால விடுறது? கனடாவில இருந்து வாற பிள்ளையள் பார்த்தா என்ன நினைப்பினம்?" என்றார். பிறகு ஒரு துண்டு சி.பி.வி.சி பைப்பைத் தரையில் போட்டுச் சப்பாத்துக் காலால் ஏறி நின்றார். எடுத்து என் கையில் வைத்தார். ஒரு கீறல்கூட இல்லை. "கொம்பனியே 50 வருசம் எண்டு சொல்லுது. சுவருக்குள்ள வைச்சு ரைல்ஸ் ஒட்டினா நீங்கள் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை." அந்த இடத்தில்தான் மனம் சரிந்தது. ஏமாற்ற வந்தவர் மாதிரி அவர் இல்லை. தன் சாமானைத் தெரிந்த ஆள் மாதிரித்தான் கதைத்தார். பைப்பைப் பற்றி அவர் சொன்னது பொய்யுமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். முற்பணமாகப் பாதி, ரைல்ஸ் ஒட்டி முடிய மீதி, மொத்தம் 420,000 ரூபா.

வேலை செய்ய வந்தவர்கள் கிறைண்டரால் சுவரை வெட்டி, பைப்பை வைத்து, கம் பூசி, சீமெந்தால் அடைத்துவிட்டார்கள். "பிரஷர் ரெஸ்ற் செய்யேல்லையோ?" என்று கேட்டேன். "தாங்கியைத் திறந்து ராத்திரி முழுக்க விட்டிட்டம் அண்ணை, ஒரு சொட்டும் இல்லை" என்றார்கள்.

இந்தப் பதிலில் உள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். 10 மீற்றர் உயரத் தண்ணீர்தான் 1 பார் அமுக்கம் தரும். எங்கள் தாங்கி ஷவரில் இருந்து ஏறக்குறைய 6 மீற்றர் உயரத்தில் நிற்கிறது, அதாவது 0.6 பார். அந்த அமுக்கத்தில், அதுவும் குளிர்ந்த தண்ணீரில், கம் சரியாகப் பிடிக்காத மூட்டும் வெறும் இறுக்கத்தாலேயே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒழுங்கான சோதனைக்குக் கைப்பம்பும் அமுக்கமானியும் வேண்டும். கம் காய்ந்த பிறகு லைனில் உள்ள காற்றை வெளியேற்றித் தண்ணீரை நிரப்பி, வீட்டில் வரப்போகும் அமுக்கத்தை விட நன்றாக மேலே ஏற்றி, வாய்களை அடைத்து விட்டு முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. அதுவும் சுவர் திறந்திருக்கும்போதே. பூசின பிறகு செய்கிற சோதனையால் நமக்குப் பிரயோசனம் குறைவு. முள் இறங்கினாலும் எந்த மூட்டு என்று தெரியாது.

கீசர் பூட்டிச் சில மாதங்களில் குளியலறைக்குப் பின்பக்கத்து அறைச் சுவரில் பெயின்ற் கொப்பளித்தது. பிறகு வெள்ளையாக உப்புப் பூத்தது. கடைக்குப் போனேன். "மாரி காலம் அண்ணை, பழைய சுவர் ஊறத்தான் செய்யும். தை பிறக்கட்டும் பார்ப்பம்." தை பிறந்தது. "ரைல்ஸ் இடுக்கால தண்ணி போகுது போல, வெள்ளைச் சீமெந்து அடைச்சு விடுங்கோ." அடைத்தேன். உப்பு இன்னும் மேலே ஏறியது. அதற்குப் பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நேரே போனால், வேலை செய்த பையன் வெளிநாடு போய்விட்டான் என்றார்கள். 50 வருடக் கதையை நினைவூட்டினேன். "அது பைப்புக்கு அண்ணை, மூட்டுக்கு இல்லை." முதல் நாள் காலில் போட்டு மிதித்துக் காட்டியது பைப்பைத்தான், மூட்டை அல்ல. பைப் இன்றைக்கும் உடையவில்லை, அது உண்மை!

மழையா பைப்பா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை செய்தேன், நீங்களும் செய்யலாம். இரவில் எல்லா வாய்களையும் பூட்டி, மோட்டரை நிறுத்தி, தாங்கியின் தண்ணீர் மட்டத்தை அடையாளம் செய்தேன். விடிய மட்டம் இறங்கியிருந்தது. அடுத்த இரவு கீசருக்குள் குளிர்தண்ணீர் போகிற வால்வை மட்டும் பூட்டினேன். மட்டம் இறங்கவில்லை. குளிர்தண்ணீர் லைன் சரி, கசிவது கீசர் பக்கத்து லைன் என்பது அதோடு தெளிவாகிவிட்டது. மழைத் தண்ணீர் தாங்கி மட்டத்தைக் குறைக்காது. இதைக் கடையில் சொன்னபோது, "நீங்கள் பிளம்பரோ?" என்று கேட்டார்கள்.

இன்று காலை வேறொரு பிளம்பர் தம்பி வந்து உடைத்தார். சுடுதண்ணீரும் குளிர்தண்ணீரும் கலந்து வருகிற மிக்சருக்கு ஏறுகிற எல்போவை அவர் கையால் இழுத்தார், வந்துவிட்டது. சி.பி.வி.சி மூட்டு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கக் கூடாது. சொக்கட்டின் வாய் உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். கம் இல்லாமல் தள்ளினால் பைப் பாதித் தூரம்தான் போகும். சரியான கம் இரண்டு பக்கத்தையும் இளக்கும், அப்போதுதான் பைப் கடைசி வரை வழுக்கிப் போய் இரண்டும் ஒன்றாகப் பிடிக்கும். எங்கள் பைப்பின் நுனியில் அந்த இளகின அடையாளமே இல்லை. பளபளப்பு அப்படியே இருந்தது, அதுவும் பாதித் தூரத்தில் நின்றிருக்கிறது. மேலே உரிந்து வந்த தோல் சாதாரண பி.வி.சி கம் என்று தம்பி சொன்னார். சி.பி.வி.சிக்கென்று தனிக் கம் இருக்கிறது. அதிகமாக மஞ்சளாக வரும், ஆனால் நிறத்தை நம்பாமல் ரின்னில் எழுதியிருப்பதை வாசியுங்கள். ஒரு ரின் கம்மில் மிச்சம் பிடித்த காசுக்கு என் 420,000 ரூபா போயிருக்கிறது.

குளிர்தண்ணீரில் தாக்குப்பிடித்தது சூட்டில் ஏன் விட்டது என்றால், பைப் நீளும். 3 மீற்றர் சி.பி.வி.சி பைப் 40 பாகை சூடேறினால் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் நீளப் பார்க்கும். ஒவ்வொரு குளிப்புக்கும் நீண்டு சுருங்கும். உறை போடாமல் சீமெந்தில் இறுக்கிப் புதைத்தால் அந்த இழுவை முழுக்க மூட்டில்தான் விழும். நல்ல மூட்டு தாங்கும். ஒட்டாத மூட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

சுவருக்குள் வைப்பதே பிழை என்று சொல்ல மாட்டேன். வடிவாகத்தான் இருக்கும், சோதித்து வைத்தால் நிற்கும். ஆனால் பழைய வீட்டில், செங்குத்தாக ஒரு லைன், அதில் மூட்டு ஒன்று இரண்டு என்று இருந்தால் மட்டுமே என் வீட்டில் இனி அனுமதி. வெளியில் ஓடுகிற பைப் கசிந்தால் நிலத்தில் சொட்டும், அன்றைக்கே கண்டு, ஒரு துண்டை வெட்டி மாற்றிவிடலாம். உள்ளே கசிந்தால் சுவர் சொல்லும் வரை தெரியாது, தெரிந்த பிறகு ரைல்ஸையும் சேர்த்து வாங்க வேண்டும், அதே டிசைன் கிடைக்காது. வெளியில் ஓட்டுகிறவர்கள் வெயிலை மறக்க வேண்டாம். எங்கள் வெயிலில் சி.பி.வி.சி நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு வரும், தண்ணீரில் கரைக்கிற பெயின்ற் ஒரு பூச்சுப் பூச வேண்டும். எண்ணெய்ப் பெயின்ற் வேண்டாம்.

பி.பி.ஆர் பைப்பையும் கேட்டுப் பார்த்தேன். அது கம் இல்லாமல், இயந்திரத்தால் சூடாக்கி உருக்கி ஒட்டுவது, கம் மாறிப்போகிற பிரச்சினை அங்கே வராது. ஆனால் அதிகமாக உருக்கினால் உள்வாய் அடைபடும், சூட்டில் சி.பி.வி.சியை விட இரண்டு மடங்குக்கு மேல் நீளும், சுவரின் மூலையில் திருத்துவதற்கு இயந்திரம் நுழைய இடமும் வேண்டும். நல்ல கை கிடைத்தால் போடுங்கள். நான் இப்போது சி.பி.வி.சியையே வெளியில் ஓட்டுகிறேன், சுவரைத் துளைத்து மிக்சருக்கு மட்டும் உள்ளே.

இன்னொன்று, "தை பிறக்கட்டும்" என்ற பேச்சு சும்மா வந்தது இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய, சேவை தந்த நாளில் இருந்து மூன்று மாதம்தான் சட்டம் தருகிறது. மாரி முடிய அதுவும் முடிந்தது. பற்றுச்சீட்டில் "குளியலறை வேலை, 420,000" என்று ஒரே வரி. எந்தப் பைப், எந்தக் கம், என்ன சோதனை, ஒன்றும் இல்லை.

நிறைய எழுத நினைத்தேன், மேசன் வந்து கூப்பிடுகிறார். அவசரமாக: அமுக்கமானி முள்ளைக் கண்ணால் பார்க்கும் வரை பூச விடாதீர்கள். அடைப்பதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். கம் ரின்னை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மிக்சர் பூட்டுகிற இடத்தில் பித்தளை மரை உள்ள எல்போ கேளுங்கள், பிளாஸ்ரிக் மரை இறுக்கினால் வெடிக்கும். குளியலறைக்கென்று வெளியில் தனி வால்வு வையுங்கள். மீதிக் காசை ரைல்ஸ் முடிந்த அன்று கொடுக்காதீர்கள், கீசரை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.