மாவு புளிக்கிறதா: ஒரே கேள்விக்கு மூன்று வடிவம்

பாக்கெட் இட்லி மாவு விற்கும் ஒரு கடை, புளிப்பு சரியாக இருக்கிறதா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும். புளிக்கவைக்கும் நேரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதுதான் எடுக்க வேண்டிய முடிவு.

பலரும் முதலில் எழுதுவது இப்படி: “எங்கள் மாவின் புளிப்பு சரியாக இருக்கிறது. ஒப்புக்கொள்கிறீர்களா?” எழுதவும் எண்ணவும் சுலபம். ஆனால் சொன்னதற்கு ஆமாம் போடும் இயல்பு பலருக்கும் உண்டு; கடைக்காரரே எதிரில் நின்று கேட்டால் அது இன்னும் கூடும். அதைவிடப் பெரிய குறை, “இல்லை” என்ற பதில் எதற்கும் பயன்படாது. புளிப்பு அதிகம் என்பவரும் போதவில்லை என்பவரும் அந்த ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள்.

ஆமாம் போடும் இந்தச் சாய்வு உங்கள் படிவத்தில் இருக்கிறதா என்று சோதிக்கலாம். குலுக்கல் முறையில் 100 பேருக்கு “புளிப்பு சரி” என்ற வாசகத்தையும், வேறு 100 பேருக்கு “புளிப்பு அதிகம்” என்பதையும் கொடுங்கள். முதல் குழுவில் 70 பேர், இரண்டாவதில் 50 பேர் ஒப்புக்கொண்டால் கூட்டுத்தொகை 120 சதவீதம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான கருத்துகள், ஆகவே 100-ஐத் தாண்டக் கூடாது. இந்த எண்ணிக்கையில் தற்செயலால் சுமார் 13 புள்ளிகள் வரை ஏறி இறங்கலாம். இங்கே 100-ஐத் தாண்டிய 20 புள்ளிகள் அதற்கும் மேல், ஆகவே சாய்வு இருக்கிறது.

இரண்டாவது வடிவம், கேட்கும் பொருளையே அளவுகோலாக்குவது: “கடைசியாக வாங்கிய மாவில், இரண்டாம் நாள் புளிப்பு எப்படி இருந்தது?” மிகக் குறைவு, கொஞ்சம் குறைவு, சரியான அளவு, கொஞ்சம் அதிகம், மிக அதிகம். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் விடைகள் இருப்பதால் கேள்வி எந்தப் பக்கமும் தள்ளாது. “இரண்டாம் நாள்வரை வைக்கவில்லை” என்று ஒரு விடையும் அவசியம். அது இல்லாவிட்டால் அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் நடுவில் உள்ள “சரியான அளவு” என்பதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். என் தேர்வு இதுதான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு பக்கமும் 30 சதவீதம் வந்தால் சராசரி “சரி” என்றே காட்டும். உண்மையில் அங்கே இரு வகை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். நேரத்தை எந்தப் பக்கம் மாற்றினாலும் ஒரு கூட்டம் போய்விடும். அதனால் சராசரி போடாமல் ஒவ்வொரு விடையின் பங்கையும் தனியே பாருங்கள்.

மூன்றாவது, திறந்த கேள்வி: “மாவில் எதை மாற்றலாம்?” சாய்வு மிகக் குறைவு. ஆனால் பலர் வெற்றாக விடுவார்கள், வந்ததை வகைப்படுத்தவும் நேரமாகும். படிவம் தயாரிக்கும் முன் பத்துப் பதினைந்து பேரிடம் இதைக் கேட்பதே நல்ல பயன்: புளிப்பைவிட மாவு தண்ணீராக இருப்பதுதான் குறை என்று அங்கே தெரியவரலாம். படிவத்திலும் சேர்ப்பதானால் புளிப்புக் கேள்விக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால், அதுவரை புளிப்பை நினைக்காதவரும் புளிப்பைப் பற்றியே எழுதுவார்.