எதைத் தள்ளிப்போடுவது? சிறிய கைபேசியின் முதல் திரைக்கான ஒப்பீடு

ஒரு கட்டுரைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். உச்சியில் 180 கிலோபைட் அளவில் ஒரு பெரிய படம், கீழே தலா 90 கிலோபைட்டில் 11 படங்கள், தலா 60 கிலோபைட்டில் இரண்டு எழுத்துருக் கோப்புகள். மொத்தம் 1,290 கிலோபைட். நொடிக்கு 200 கிலோபைட் தரும் இணைப்பில் எல்லாம் வந்து சேர ஏறக்குறைய ஆறரை நொடி ஆகும். ஆனால் உருட்டாமலே கண்ணில் படும் முதல் திரைக்குத் தேவை உச்சிப் படமும் எழுத்துருக்களும் மட்டுமே. அவை 300 கிலோபைட், ஒன்றரை நொடி வேலை. மீதி 990 கிலோபைட்டை எப்படி ஒதுக்கி வைப்பது என்பதில்தான் போட்டி.

முதல் வழி பிரவுசரிடமே விட்டுவிடுவது:

```html
<img src="kilai.jpg" loading="lazy" width="640" height="360" alt="">
```

குரோம் 2019-லும், பயர்பாக்ஸ் 2020-லும், சஃபாரி 2022-லும் இதை ஏற்றுக்கொண்டன. இரண்டாம் வழி, `IntersectionObserver` கொண்டு நாமே ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்வது: படத்தின் முகவரியை `data-src`-இல் வைத்துவிட்டு, படம் திரையை நெருங்கும்போது `src`-க்கு மாற்றுவது.

ஸ்கிரிப்ட்டின் பலம் கட்டுப்பாடு. குரோம் 4ஜி வேகத்தில் திரைக்குக் கீழே 1,250 பிக்சல் தொலைவுக்குள் இருக்கும் படங்களையும், அதைவிட மெதுவான இணைப்பில் 2,500 பிக்சல் வரை உள்ளவற்றையும் முன்கூட்டியே எடுக்கத் தொடங்கிவிடும். நம் பக்கத்தில் 400 பிக்சலுக்கு ஒரு படம் என்றால், 4ஜியில் மூன்று படங்கள், மெதுவான இணைப்பில் ஆறு படங்கள் எப்படியும் வரும். இணைப்பு மந்தமானால் சேமிப்பு குறைவது முரணாகத் தோன்றலாம். வாசகர் உருட்டும்போது வெற்றுக் கட்டம் தெரியக்கூடாது என்பதே காரணம். ஸ்கிரிப்ட்டில் இந்தத் தொலைவை 300 பிக்சல் என்று நாமே சுருக்கலாம்.

அப்படியும் என் ஓட்டு முதல் வழிக்கே. ஸ்கிரிப்ட் இறங்கி, அலசப்பட்டு, இயங்கிய பிறகுதான் முதல் படத்துக்கான கோரிக்கையே போகும். மலிவான செயலியில் அந்தக் காத்திருப்பு கண்ணுக்குத் தெரியும். ஸ்கிரிப்ட் பாதியில் உடைந்தால் படமே வராது. சிஎஸ்எஸ் பின்னணிப் படங்களுக்கு `loading` பண்பு செல்லாது என்பதால், அங்கே மட்டும் ஸ்கிரிப்ட்டுக்கு இடம் உண்டு.

அகலமும் உயரமும் ஏன் எழுதினேன் என்றால், அவை இல்லாதபோது இன்னும் வராத படம் உயரமே இல்லாமல் கிடக்கும். 11 படங்களும் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, எல்லாமே தொலைவு வரம்புக்குள் வந்துவிடலாம். தள்ளிப்போட்டதற்குப் பயனே இல்லை. டெவலப்பர் கருவியின் நெட்வொர்க் பட்டியலில், உருட்டாமலேயே எல்லாப் படங்களும் இறங்கினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

உச்சிப் படத்துக்கும் `lazy` போடுவது இதைவிடப் பெரிய கேடு. சாதாரணமாக பிரவுசர் எச்டிஎம்எல்லை வாசிக்கும்போதே படத்தின் முகவரியைக் கண்டு கோரிக்கை அனுப்பிவிடும். `lazy` இருந்தால், சிஎஸ்எஸ் வந்து, பக்க அமைப்பு கணக்கிடப்பட்டு, அது திரைக்குள் இருக்கிறது என்று தெரியும்வரை காத்திருக்கும். சிஎஸ்எஸ்ஸுக்கு ஒரு நொடி ஆனால் படமும் ஏறக்குறைய ஒரு நொடி பிந்தும். வார்ப்புருவில் எல்லாப் படங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு `lazy` சேர்க்கும் தளங்களில் இது சகஜம். நெட்வொர்க் பட்டியலில் உச்சிப் படத்தின் பட்டை சிஎஸ்எஸ் பட்டை முடிந்த பிறகே தொடங்கினால் நோய் இதுதான். மருந்து, அந்த ஒரு படத்திலிருந்து `lazy`-யை எடுத்துவிட்டு, முன்னுரிமை கேட்கும் `fetchpriority="high"` சேர்ப்பது.

எழுத்துருவின் கதை வேறு. அது இயல்பிலேயே சோம்பேறி: அதைப் பயன்படுத்தும் எழுத்து பக்கத்தில் இருப்பது தெரிந்த பிறகே பிரவுசர் அதைக் கேட்கும். ஆகவே இங்கே கேள்வி, அது வரும்வரை வாசகருக்கு எதைக் காட்டுவது என்பதுதான். `font-display: block` என்றால் சுமார் 3 நொடி வரை எழுத்தே தெரியாது; முதல் திரைக்கு இதைவிட மோசமான தேர்வு இல்லை. `swap` கைபேசியின் சொந்த எழுத்துருவில் உடனே காட்டி, பிறகு மாற்றும். மாறும் நொடியில் வரிகள் குதிக்கும். `optional` சுமார் 100 மில்லிநொடி மட்டும் பொறுத்துப் பார்த்து, கோப்பு வராவிட்டால் அந்த வருகை முழுவதும் சொந்த எழுத்துருவிலேயே இருந்துவிடும். கோப்பு பின்னணியில் இறங்கிச் சேமிப்பில் இருந்தால் அடுத்த வருகையில் பயன்படும்.

நீண்ட உரைக்கு `optional`, இரண்டு மூன்று சொல் மட்டும் கொண்ட பெயர்ப்பட்டைக்கு `swap` என்பது என் தேர்வு. வடிவமைப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். முதல் வருகையில் அவர்கள் தேர்ந்த எழுத்துரு பலருக்குத் தெரியாமலே போகும். அதற்காக இரண்டு கோப்புகளையும் முன்கூட்டியே இறக்கச் சொல்லி `preload` செய்தால், அந்த 120 கிலோபைட் உச்சிப் படத்தோடு ஒரே குழாயில் முட்டிக்கொள்ளும். செய்தே ஆக வேண்டுமானால் ஒரு கோப்பை மட்டும் செய்யுங்கள், அதுவும் முதல் திரையில் வரும் தடிமனுக்கு மட்டும்.