மின் ஸ்கூட்டரை முதலில் யாரிடம் விற்பது: முன்னோடியா, முன் பெரும்பான்மையா, கடைசி ஆளா?

சந்தைப்படுத்தல் பாடத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரு நகரில் புது மின் ஸ்கூட்டர் அறிமுகமாகிறது. முதலாமவர் கடை திறக்கும் முன்பே பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு வண்டி இருக்கிறது. இரண்டாமவர், தெருவில் ஒருவர் ஒரு வருடம் ஓட்டியதைப் பார்த்து, பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று விசாரித்து வாங்குகிறார். மூன்றாமவர் பெட்ரோல் வண்டிக்கு இனி உதிரிபாகமே கிடைக்காது என்ற நிலையில்தான் வருகிறார். யார் எந்தப் பிரிவு? விளம்பரப் பணத்தை முதலில் யார்மேல் போடுவது?

முதல் பாதி சுலபம். வரிசையாக முன்னோடி, முன் பெரும்பான்மை, கடைசியில் வருபவர். புதுப் பொருளை யார் எவ்வளவு சீக்கிரம் ஏற்கிறார்கள் என்று பார்த்து அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வகுத்த ஐந்து பிரிவுகளில் இவை மூன்று. பங்கு முறையே 2.5, 34, 16 சதவீதம். கடைசியில் மொத்தம் 10,000 பேர் வாங்குவார்கள் என்றால் 250, 3,400, 1,600 பேர். ஆனால் இந்த எண்கள் ஊர் ஊராக அளந்து கிடைத்தவை அல்ல. வாங்கிய காலத்தை மணி வடிவக் கோடாக வரைந்து, சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்த்து வெட்டிய துண்டுகள். கடைசிவரை வாங்காதவர் இந்தக் கணக்கிலேயே இல்லை. நகரின் மக்கள்தொகையை 2.5 சதவீதத்தால் பெருக்கி விடை எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சரி, பணம் யார்மேல்? முன்னோடி தானாகவே வருவார். அவரிடம் கிடைப்பது விற்பனையைவிட, வண்டியில் என்ன கோளாறு என்கிற தகவல்தான். நஷ்டம் வந்தாலும் தாங்குவார். ஆனால் அவர் சொல்வதை அக்கம்பக்கம் நம்பாது. ‘அவருக்கென்ன, எதையும் வாங்கிப் பார்ப்பார்’ என்பார்கள்.

அமெரிக்காவின் அயோவாவில் கலப்பின மக்காச்சோள விதை பரவிய கதையில் இது தெளிவாகத் தெரியும். ரையன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943இல் ஆய்வை வெளியிட்டார்கள். 1928 முதல் 1941 வரையிலான காலத்தில் இருவரைத் தவிர எல்லோரும் புது விதைக்கு மாறியிருந்தார்கள். ஆனால் 1933 வரை மாறியது பத்து சதவீதம் பேர்தான். அடுத்த மூன்று வருடத்தில் அது 40ஐத் தொட்டது. முதலில் மாறியவர்களுக்கு நிலம் அதிகம், படிப்பு அதிகம். மாநிலத் தலைநகர் டி மாய்னுக்கு அடிக்கடி போய்வந்தவர்கள். அவர்களுக்கு விதை விற்பனையாளர் சொன்னது போதுமானதாக இருந்தது. பின்னால் வந்தவர்களை மாற்றியது அடுத்த வயல்காரரின் அனுபவம்.

ஆக முன் பெரும்பான்மைக்கு விளம்பரம் அல்ல, கண்முன்னே ஓடும் வண்டிதான் வேண்டும். அந்த வண்டியை ஓட்டுபவர் யார்? கேள்வியில் பெயரே வராத நான்காவது ஆள். முன்னோடிக்கும் இவர்களுக்கும் நடுவே இருக்கிற 13.5 சதவீதம், அதாவது முந்தி ஏற்பவர்கள். ஊரில் மதிப்புள்ளவர், யோசித்து வாங்குபவர் என்று பெயரெடுத்தவர். என்னைக் கேட்டால் முதல் வருடப் பணம் இவருக்குத்தான்: சோதனை ஓட்டம், பழுதானால் உடனே பார்க்க ஆள், பேட்டரி உத்தரவாதம். அவர் ஒரு வருடம் சிரமமில்லாமல் ஓட்டினால் 3,400 பேரின் கேள்விக்குப் பதில் தெருவிலேயே கிடைத்துவிடும். முன்னோடிகள் வாங்கிய வேகத்தைப் பார்த்து நேராகப் பெரும்பான்மைக்கு உற்பத்தியைக் கூட்டினால் கிடங்கில் வண்டி தேங்கும்.

கடைசி ஆளை அறியாதவர் என்று எழுதிவிடுவது பெரிய தவறு. கையில் இருப்பது குறைவு என்பதால் தோற்காது என்று உறுதியானதைத்தான் அவர் தொடுவார். அவர் நிலையில் அது நியாயமான கணக்கு. அப்புறம், இது ஆளின் குணமும் அல்ல. அயோவாவில் விவசாயம் பார்த்த ரோஜர்ஸின் சொந்த அப்பா புது இயந்திரங்கள் என்றால் ஓடிப்போய் வாங்குவாராம். கலப்பின விதையை மட்டும் வேண்டாம் என்றே இருந்தார். 1936 வறட்சியில் பக்கத்து வயலில் கலப்பினச் சோளம் நிமிர்ந்து நிற்க, தன்னுடையது வாடியதைப் பார்த்த பிறகுதான் மாறினார். அதனால் விடைத்தாளில் ‘இவர் முன்னோடி’ என்று மட்டும் எழுதாமல், ‘இந்த ஸ்கூட்டரைப் பொறுத்தவரை முன்னோடி’ என்று எழுத வேண்டும்.