நிலையான எடுத்துக்காட்டுகளா, கேள்விக்கேற்ற எடுத்துக்காட்டுகளா?

வங்கிக்கு வரும் புகார்களை ஒரு மொழி மாதிரியை வைத்து வகை பிரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடையோடு கூடிய ஐந்தாறு பழைய புகார்களை, மாதிரிக்குக் கொடுக்கும் உள்ளீடான ப்ராம்ப்டில் காட்ட வேண்டும். எவற்றை?

ஒரே தொகுப்பை எல்லாவற்றுக்கும் வைக்கலாம். சோதிப்பது எளிது, ப்ராம்ப்டின் முன்பகுதி மாறாததால், அதைச் சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்தும் கேஷிங்கில் செலவும் குறையும். வகைகள் பத்துக்குள் என்றால் இதுவே போதும். எழுபது என்றால் பெரும்பாலான வகைகளுக்கு எடுத்துக்காட்டே இருக்காது.

அங்கேதான் இரண்டாவது வழி கைகொடுக்கும். பழைய புகார்களை, பொருளைக் குறிக்கும் எண்வரிசையான எம்பெடிங்காக மாற்றி வைத்து, புதிய புகாருக்கு மிக நெருங்கியவற்றை மட்டும் எடுப்பது. “ஏடிஎம்மில் பணம் வரல, கணக்குல கழிஞ்சிடுச்சு” என்று வந்தால் அதே ரகப் புகார்கள் வந்து நிற்கும்.

ஆனால் நெருக்கம் ஏமாற்றும். “தொலைந்த கார்டு கிடைத்துவிட்டது, திரும்ப இயக்க முடியுமா?” என்ற கேள்விக்கு அருகில் இருப்பதெல்லாம் “கார்டு தொலைந்துவிட்டது” புகார்கள், ஐந்துக்கும் விடை ‘கார்டை முடக்கு’. மாதிரியும் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்லிவிடும். தவறான விடைகளோடு, அவற்றுக்குத் தேர்வான எடுத்துக்காட்டுகளின் வகைகளையும் பதிவு செய்து பாருங்கள். எல்லாம் ஒரே வகையாக, அதுவே தவறான விடையாகவும் இருந்தால் கோளாறு பெரும்பாலும் தேர்வில்தான். நெருங்கிய இருபதை எடுத்து, வகைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று வடிகட்டினால் பெருமளவு சரியாகும்.

அப்புறம், இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடும்போது சோதனைக் கேள்விகளின் நகல்கள் பழைய புகார்களின் சேமிப்பில் இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டாவது வழி இல்லாத பெருமையைக் காட்டும்.