ஏஜிங் ரிப்போர்ட்: பில்வாரியாகக் கழிப்பதா, பழைய பில்லிலிருந்து கழிப்பதா?

வாடிக்கையாளரின் பாக்கி எத்தனை நாள் பழையது என்று 0-30, 90-க்கு மேல் என்பதுபோல் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டுவது ஏஜிங் ரிப்போர்ட். அவர் கட்டிய பணத்தை எந்த பில்லில் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த ரிப்போர்ட்டே மாறிவிடும். இரண்டு வழி உண்டு. அவர் எந்த பில்லுக்குக் கட்டினாரோ அதிலேயே கழிப்பது ஒன்று. எதற்குக் கட்டினாலும் மிகப் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழித்துக்கொண்டு வருவது இன்னொன்று.

ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று பில். ஜனவரி 10 அன்று 40,000, பிப்ரவரி 15 அன்று 25,000, மார்ச் 20 அன்று 30,000. ஜனவரிச் சரக்கில் சேதம் என்று சொல்லி அந்த பில்லை நிறுத்தி வைத்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் சேர்த்து 55,000 கட்டிவிட்டார். ஏப்ரல் 30 அன்று ரிப்போர்ட் எடுக்கிறோம்.

பில்வாரியாகக் கழித்தால் ஜனவரி பில்லின் 40,000 அப்படியே நிற்கும். வயது 110 நாள், 90-க்கு மேல் என்ற கட்டத்தில் விழும். பழைய பில்லிலிருந்து கழித்தால் ஜனவரி பில் முழுதும் தீர்ந்துவிடும். பிப்ரவரியில் 10,000 (74 நாள்), மார்ச்சில் 30,000 (41 நாள்) பாக்கி என்று காட்டும். 90-க்கு மேல் கட்டத்தில் ஒன்றுமே இல்லை!

மொத்தப் பாக்கி இரண்டிலும் 40,000 தான். அதனால் லெட்ஜரோடு ஒப்பிட்டால் இரண்டுமே ஒத்துப்போகும். சேதத் தகராறு மூன்று மாதமாகத் தீராமல் கிடப்பது இரண்டாவது ரிப்போர்ட்டில் தெரியவே தெரியாது. வசூலுக்குப் போன் செய்பவர் மார்ச் பில்லைக் கேட்பார், "அதைத்தான் கட்டிவிட்டோமே" என்று பதில் வரும். வாராக்கடனுக்கு ஒதுக்கும் தொகையும் குறைந்துபோகும். என் கணக்கில் இது பெரிய குறை.

பில்வாரி முறையிலும் ஒரு தொல்லை இருக்கிறது. வந்த பணத்தை பில்லோடு இணைக்காமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று போட்டுவிட்டால், தீர்ந்த பில்கூட பழைய பாக்கியாகவே நிற்கும். கண்டுபிடிப்பது சுலபம்: ஒரே வாடிக்கையாளருக்கு 90-க்கு மேல் கட்டத்தில் ஒரு தொகையும், 0-30 கட்டத்தில் மைனஸில் இன்னொரு தொகையும் இருக்கும். அந்த மைனஸ்களைத் தீர்க்காமல் ரிப்போர்ட்டை யாருக்கும் அனுப்பக் கூடாது. எந்த பில்லுக்கு என்று வாடிக்கையாளரிடமே கேட்டு இணைத்துவிடுவதுதான் சரி.

பில் நம்பரே சொல்லாமல், ரன்னிங் அக்கவுண்டில் அவ்வப்போது ரவுண்டாக ஒரு தொகை கட்டுபவர்களுக்குப் பழையதிலிருந்து கழிப்பது பொருந்தும். அங்கே தனி பில்லைத் துரத்தி என்ன பயன்? மற்ற எல்லோருக்கும் நான் பில்வாரிதான் வைப்பேன்.

அப்புறம், நாட்களை பில் தேதியிலிருந்து எண்ணினோமா, கெடு தேதியிலிருந்தா என்பதை ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். 30 நாள் கடன் கொடுத்திருந்தால், மேலே சொன்ன அதே ஜனவரி பில் கெடு தேதிப்படி 80 நாள்தான் ஆகியிருக்கும்.