ஊறுகாய் பாட்டிலுக்குக் காகித லேபிளா, பிளாஸ்டிக் லேபிளா?

தேக்கா சந்தையில் மாங்காய் வாங்கி ஊறுகாய் போட்டு, பாட்டில்களில் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததுமே சிங்கப்பூர்க் காற்றில் பாட்டில் வியர்த்துவிடும். காகித நார் அந்த ஈரத்தைக் குடித்து உப்ப, நாலாம் நாள் ஓரம் சுருண்டு எழுந்தது.

பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த லேபிள் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் ஓரம் படிந்தே இருக்கிறது. ஆனால் இங்க்ஜெட்டில் அச்சடிப்பதானால் அதற்கான பூச்சுள்ள லேபிளாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் விரல் பட்டாலே தேதி அழிந்துவிடும்.

எதுவானாலும் ஈரத்தின்மேல் பசை பிடிக்காது. காலி பாட்டிலை நன்றாகத் துடைத்து உலர்த்தி, லேபிளை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து ஒட்டுங்கள். ஒரு நாள் வெளியே இருக்கட்டும், அப்புறம் நிரப்பிக் குளிரில் வைக்கலாம்.

அலமாரியில் நிற்கும் மசாலா ஜாடிக்குக் காகிதமே போதும்.